ஹார்மோன் மாத்திரை, பேட்ச், ஜெல்: மூன்றையும் பயன்படுத்திய அனுபவம்

மாதவிடாய் நின்றபோது எனக்கு முதலில் எழுதிக்கொடுத்தது தினம் ஒரு மாத்திரை, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனும் ஒன்றாகக் கலந்தது. பலன் நன்றாகவே இருந்தது. நடு ராத்திரியில் வியர்த்து நைட்டி நனைந்து எழுவது சில வாரங்களில் குறைந்தது, முழுசாக அடங்க மூன்று மாதம் ஆனது.

மாற்றியதற்குக் காரணம் அக்கா. அவளுக்குக் காலில் ரத்தம் கட்டியது, அது என் கணக்கிலும் சேரும் என்றார் டாக்டர். வாய்வழி போகும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலைத் தாண்டித்தான் போக வேண்டும், அங்கே ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் கூடுகின்றன. தோல் வழியாகப் போவது நேராக ரத்தத்தில் கலந்துவிடும், அதனால் வழக்கமான அளவில் இந்த ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. சரி, பேட்ச் எழுதிக்கொடுத்தார்.

மருந்துக் கடையில் மருந்தாளர் சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்காங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ இன்னொன்று எங்கே? இந்த பேட்சில் ஈஸ்ட்ரோஜன் மட்டும்தான் இருக்கு." கர்ப்பப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து போனால் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், நாளாவட்டத்தில் புற்றுநோய் வரைக்கும் போகலாம், அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டிரோன். பழைய மாத்திரையில் இரண்டும் சேர்ந்திருந்ததால் சீட்டு மாறும்போது அது விட்டுப்போயிருந்தது. அவரே டாக்டரிடம் போனில் பேசி, படுக்கப் போகும்போது வெறும் வயிற்றில் 100 மி.கி. கேப்சூல் ஒன்று என்று சேர்த்தார். அது தூக்கக் கலக்கம் தரும், எனக்கு அதுவே வசதியாகிப்போனது.

பேட்ச் வாரத்துக்கு இரண்டு முறை, இடுப்புக்குக் கீழே இடம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும், மார்பில் கூடாது. வியர்வையில் ஓரம் பிரிந்தது, பிய்த்த இடத்தில் சதுரமாகச் சிவந்து அரித்தது. அதனால்தான் ஜெல். பம்ப்பை அழுத்தி மேல்கையிலோ தொடையிலோ பரவலாகத் தடவி, ஐந்து நிமிடம் காயவிட்டு, கையைக் கழுவிவிட வேண்டும். தடவிய இடத்தை ஒரு மணி நேரமாவது கழுவக் கூடாது, அங்கே குழந்தைகள் தோல் படவும் கூடாது, ஹார்மோன் அவர்களுக்கும் ஏறும். பேரன் மடியில் ஏறும் வீடு என்பதால் நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறேன்.

ஜெல்லுக்கு மாறினால் மார்பகப் புற்றுநோய் பயம் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. 2002-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்குச் சுமார் எட்டுப் பேர் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். அதில் இருந்தவை வேறு ரகம், பெண்களின் சராசரி வயதும் 63. அதனால் அந்த எண்ணை அப்படியே எனக்குப் பொருத்த முடியாது, ஆனால் வழியை மாற்றுவதால் குறைவது முக்கியமாக ரத்தக்கட்டி ஆபத்துதான். மேமோகிராமை நான் விடுவதில்லை.

மாற்றிய புதிதில் லேசாகக் கறை பட்டது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை அப்படி இருக்கலாம், அதற்கு மேலும் நீடித்தாலோ, நின்று போய்த் திரும்ப வந்தாலோ ஸ்கேன் பார்க்கச் சொல்லிவிட்டார் மருந்தாளர். எனக்கு அதற்குள் நின்றுவிட்டது.