வலை வீசுற படம் அசலா, செய்ததா? மூன்று வழியில் பார்த்த கதை

எங்கள் சனசமூக நிலையம் தைப்பொங்கலுக்கு ஒரு படப்போட்டி வைத்தது. வந்த படங்களைப் பார்த்துத் தள்ளுபடி செய்யிற வேலை என் தலையில் விழுந்தது. போன வருசம்வரை அது அரைமணித்தியால வேலை. இந்தமுறை ஒரே ஒரு படம் மூன்று நாளைத் தின்றது. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில், சூரியன் இறங்குகிற நேரம், ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிகிறார். வலை வானத்தில் வட்டமாக விரிந்து நிற்கிறது. படம் வட்ஸ்அப் குழுவுக்கு வந்து ஐந்து நிமிசத்துக்குள் ஒருவர் எழுதினார்: "இது ஏஐ. வலைக்கண்ணைப் பெருப்பிச்சுப் பாருங்கோ, உருகிக் கிடக்கு."

பெருப்பித்துப் பார்த்தால் உருகித்தான் கிடந்தது. விரல்களும் கயிற்றோடு ஒட்டிக் கிடந்தன.

முதலே சொல்லிவிடுகிறேன்: கடைசியில் நான் நம்பியது அசல் கோப்பையும், அதற்கு முன்பின் எடுத்த படங்களையும்தான். மற்ற வழிகளைப் பற்றி நான் எழுதுவதில் அந்தச் சாய்வு இருக்கும்.

வெறும் கண்ணால் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2023இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜேர்மன் கலைஞர் ஏஐயில் செய்த படத்தை அனுப்பி, சோனி உலகப் புகைப்பட விருதுப் போட்டியில் ஒரு பிரிவில் வென்று, பரிசை வேண்டாம் என்றார். அடுத்த வருசம் மைல்ஸ் அஸ்ட்ரே என்ற படப்பிடிப்பாளர் அதைத் தலைகீழாகச் செய்தார். உண்மையான பூநாரைப் படம் ஒன்றை வேறொரு போட்டியின் ஏஐ பிரிவுக்கு அனுப்பி மூன்றாம் இடம் வாங்கினார். உண்மை தெரிந்ததும் அவரை நீக்கிவிட்டார்கள். நடுவர்களின் கண்ணே இரண்டு பக்கமும் ஏமாந்திருக்கிறது. இதில் என் கண் எந்த மூலைக்கு?

ஆகவே மிச்சம் இருந்தவை மூன்று: படத்தை ஏற்றினால் தீர்ப்புச் சொல்கிற தளங்கள், ஈ.எல்.ஏ என்கிற பிழைமட்டச் சோதனை, அசல் கோப்பைக் கேட்பது.

தீர்ப்புச் சொல்கிற தளங்களை நான் அதிகம் பாவித்தவன் இல்லை, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரே படத்தின் மூன்று பிரதிகளைக் கொடுத்தேன்: வட்ஸ்அப்பில் வந்தது, அதன் ஸ்கிரீன்ஷொட், பிறகு கையில் கிடைத்த அசல். வட்ஸ்அப் பிரதி "பெரும்பாலும் செயற்கை" என்று வந்தது. ஸ்கிரீன்ஷொட்டுக்கு நடுவிலே நின்றது. அசலுக்கு "பெரும்பாலும் உண்மை". படம் மாறவில்லை, பொதி செய்த விதம்தான் மாறியது. இந்தக் கருவிகள் தாங்கள் பழகிய படங்களின் நுண்ணிய தடங்களைத் தேடுகின்றன. அந்தத் தடம் அழிந்த படத்துக்கும் ஏதோ ஒரு சதவீதத்தைச் சொல்லத்தான் செய்யும். "தெரியாது" என்று ஒரு தளமும் எனக்குச் சொல்லவில்லை.

ஈ.எல்.ஏ கொஞ்சம் மரியாதைக்குரியது, ஏனென்றால் அது என்ன செய்கிறது என்பது விளங்கும். ஜேபெக் படம் ஒன்றை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கத்தைக் கொஞ்சம் எறிந்துவிட்டுச் சேமிக்கும். திரும்பத் திரும்பச் சேமித்தால் எறிய மிச்சம் குறைந்துகொண்டே வரும். ஆகவே படத்தை இன்னொருமுறை தெரிந்த தரத்தில் சேமித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படமாகக் காட்டினால், பிறகு ஒட்டிய துண்டு மற்ற இடங்களைவிடப் பளிச்சென்று தெரியவேண்டும். படங்களின் தடயங்களை ஆராய்கிற நீல் க்ராவெட்ஸ் 2007இல் இதை முன்வைத்தார். இப்போது யாரும் உலாவியிலேயே செய்யலாம்.

குழுவில் ஒருவர் செய்துகாட்டினார். வலை முழுக்க வெள்ளையாக மின்னியது, வானம் கரி மாதிரிக் கறுப்பு. "பாத்தீங்களோ, வலையை ஒட்டியிருக்கு!"

எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. எங்கள் வீட்டுக் கிடுகு வேலியைப் படம் எடுத்து, ஒன்றும் செய்யாமல் அதே சோதனைக்குப் போட்டேன். கிடுகு மின்னியது, வானம் கறுப்பு. விளிம்புகள் நெருக்கமாக உள்ள இடம் எப்போதும் மின்னும், வெறும் வானம் எப்போதும் கறுக்கும். பிறகு எதிர்ப்பக்கமும் பார்த்தேன். அதே வேலியின்மேல் வேறு படத்திலிருந்து வெட்டிய ஒரு காகத்தை ஒட்டி, தம்பிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, அவனிடமிருந்து திருப்பி வாங்கிச் சோதித்தேன். காகம் வேலியைப்போலவே மின்னியது. ஒட்டாததை ஒட்டியது போலவும், ஒட்டியதை ஒட்டாதது போலவும் காட்டுகிற சோதனை அது.

வட்ஸ்அப்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. போனில் எடுத்த படம் வழக்கமாக 4000×3000 புள்ளி. வட்ஸ்அப் அதைச் சாதாரணத் தரத்தில் அனுப்பும்போது நீளப்பக்கத்தை ஏறக்குறைய 1600 புள்ளிக்குக் குறைக்கிறது. அதாவது அசலின் ஆறு புள்ளிக்கு மேல் ஒரு புள்ளியாகக் கலந்துவிடும். பிறகு புதிதாக எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டி, கூடுதலாக அமுக்கிச் சேமிக்கிறது. எடுத்த நேரம், போன் மாதிரி, இடம் முதலிய எக்ஸிஃப் விபரங்களையும் உரித்துவிடுகிறது. ஒட்டிய துண்டுக்கும் பின்னணிக்கும் இருந்த வித்தியாசம், ஏஐயின் நுண்தடம், கமராவின் நுண்தடம் எல்லாம் ஒரே சல்லடையில் போய்விடும். அதற்குப் பிறகு எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் அது சோதிப்பது வட்ஸ்அப்பின் கைவேலையைத்தான். எங்களுக்கு வந்த படங்கள் அத்தனையும் வட்ஸ்அப்பில் வந்தவை.

அதனால் படம் எடுத்த பெடியனைக் கூப்பிட்டேன். ஏஎல் படிக்கிறவன். குழுவில் எழுதியதைப் பார்த்திருக்கிறான் போல, குரல் கம்மியிருந்தது.

"அண்ணை, அது நான் எடுத்ததுதான். சத்தியமா."

"அதை விடு தம்பி. அண்டைக்கு அதில நிண்டு எத்தினை எடுத்தனி? எல்லாத்தையும் அழிக்காம வச்சிருக்கிறியோ?"

"கிடக்கு அண்ணை. பத்துப் பன்னிரண்டு இருக்கும்."

டொக்யுமென்டாக அனுப்பினால் வட்ஸ்அப் கை வைக்காது, கோப்பு அப்படியே வரும். ஆனாலும் போனையே கொண்டுவரச் சொல்லி வயரில் இறக்கினேன். பதினொரு படம். முதல் வேலையாக, எக்ஸிஃப் விபரங்களைப் படிக்கிற exiftool என்ற கருவியால் நேரங்களைப் பார்த்தேன்:

```
exiftool -a -G1 -s -time:all -Model -Software vala.jpg
```

போட்டிக்கு அனுப்பிய படத்தில் கண்ணில் பட்ட இரண்டு வரி:

```
[ExifIFD] DateTimeOriginal : 2025:01:12 17:52:08
[IFD0]    ModifyDate       : 2025:01:12 21:14:40
```

எடுத்தது பின்னேரம், கை வைத்தது இரவு ஒன்பதேகாலுக்கு. ஆனால் இதை வைத்துத் துள்ளக்கூடாது. படத்தைத் திருப்பி நிமிர்த்தினாலே சில போன்களில் இரண்டாவது நேரம் மாறும். அதோடு இந்த நேரங்களை இதே கருவியால் ஒரு வரியில் மாற்றவும் முடியும். எக்ஸிஃப் எங்கே பார்க்கவேண்டும் என்று கை காட்டும், சாட்சி சொல்லாது.

சாட்சி சொன்னது மற்றப் பத்துப் படங்கள். வரிசையாகத் தட்டிக்கொண்டு போனேன். முதலாவதில் வலை அவர் தோளில். மூன்றாவதில் இடுப்பு திரும்புகிறது. அடுத்ததில் வலை பாதி விரிந்து ஒருபக்கம் மடிந்திருக்கிறது. பிறகு எங்கள் படம். அதற்கடுத்ததில் ஈயக்குண்டுகள் தண்ணீரில் விழுந்து வளையமாகத் தெறிக்கிறது. பின்னால் கம்பில் இருந்த நீர்க்காகம் நாலாவதில் இருக்கிறது, ஆறாவதில் பறக்கிறது, ஏழாவதில் இல்லை. இப்படி ஒன்றுக்கொன்று கணக்குச் சரியாக வருகிற பதினொரு படத்தை ஒரு பெடியன் இருந்து செய்தான் என்பதைவிட, பாலத்தடிக்குப் போய் எடுத்தான் என்பதே எனக்கு லேசாக நம்ப முடிகிறது.

உருகிய வலைக்கண்? கை வைக்காத மற்றப் படங்களிலும் அதே உருகல்தான். மங்கல் வெளிச்சத்தில் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகக் கலக்கிறது, அதன்மேல் புள்ளியடிப்பை வழித்துத் துடைக்கிறது, பிறகு விளிம்புகளைக் கூராக்குகிறது. அசைகிற மெல்லிய நூல் இதில் பிழைக்காது. ஏஐயின் அடையாளம் என்று நாங்கள் பழகி வைத்திருப்பதில் பாதி, இன்றைக்கு ஒவ்வொரு போனும் தானாகச் செய்கிற வேலை.

சரி, கதை முடிந்தது என்று நினைத்தபோதுதான் இடதுபக்கத்தைக் கவனித்தேன். மற்றப் பத்துப் படத்திலும் ஒரு விளக்குக்கம்பம் நிற்கிறது. போட்டிப் படத்தில் இல்லை. கேட்டேன்.

"அது வடிவில்லை எண்டு அழிச்சனான் அண்ணை. போனிலேயே இருக்கு, விரலால தடவினாப் போயிடும்."

அந்த இடத்தை அழித்துவிட்டு வானத்தை நிரப்பியது மென்பொருள். ஆகவே குழுவில் எழுதியவர் பிழை, ஆனால் முழுப்பிழை இல்லை. அவர் காட்டிய வலை அசல், ஒருவரும் பார்க்காத மூலைதான் செயற்கை. ஈ.எல்.ஏயும் அந்த மூலையில் ஒன்றும் காட்டவில்லை, வெறும் வானம்தானே, கறுப்பாகவே இருந்தது.

இந்த வழி புதிதும் இல்லை. உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் 2012ஆம் ஆண்டின் படமாகத் தெரிவான, சுவீடன் படப்பிடிப்பாளர் போல் ஹன்சனின் காசா இறுதி ஊர்வலப் படத்தை, பல படங்களை ஒட்டிச் செய்தது என்று அதே க்ராவெட்ஸ் 2013இல் எழுதினார். போட்டிக்காரர் என்ன செய்தார்கள்? கமரா பதிந்தபடியே இருக்கிற ரோ கோப்பை வாங்கி, பரிசு பெற்ற பிரதியோடு வைத்து நிபுணர்களைப் பார்க்கச் சொன்னார்கள். நிறமும் வெளிச்சமும் ஆங்காங்கே திருத்தப்பட்டிருக்கிறது, ஒட்டு வேலை எதுவும் இல்லை என்று முடிவு வந்தது.

என் பக்கத்து ஓட்டையையும் சொல்லவேண்டும். திரையில் ஏஐ படத்தைப் போட்டு அதைக் கமராவால் எடுத்தால், அசல் கோப்பு, அசல் எக்ஸிஃப், அசல் கமராத் தடம் எல்லாம் கிடைக்கும். அசையாத பொருள் என்றால் முன்பின் படங்களும் எடுத்துவிடலாம். வலையும் பறவையும் தெறிக்கிற தண்ணீரும் இருந்ததால்தான் எனக்கு வேலை லேசானது. ஒரு பூச்சாடிப் படம் என்றால் இவ்வளவு உறுதியாக எழுதமாட்டேன்.

பெரிய ஓட்டை வேறு. அசல் இல்லாதவர்களை என்ன செய்வது? இன்னொரு அக்கா நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எடுத்த காவடிப் படம் ஒன்றை அனுப்பியிருந்தா. போன் உடைந்துபோச்சு, மகளுக்கு அனுப்பிய வட்ஸ்அப் பிரதிதான் மிச்சம். கோப்பில் பார்க்க ஒன்றும் இல்லை. நிழலைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நிழல் நுனியிலிருந்து அந்தப் பொருளின் நுனிக்குக் கோடு கீறி நீட்டினால், ஒரே வெயிலில் எடுத்த படத்தில் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளிக்குப் போகவேண்டும். வட்ஸ்அப்பால் இதை அழிக்க முடியாது. ஆனால் ஓகஸ்ட் கடைசியில் யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே. படத்தில் எல்லாருடைய நிழலும் அவரவர் காலடியில் சுருண்டு கிடந்தது. கோடு கீற இடமில்லை.

பெடியனின் படத்தைப் பற்றிக் கூட்டத்தில் ஒருமணித்தியாலம் சண்டை நடந்தது, ஏனென்றால் எங்கள் விதியில் "திருத்தக்கூடாது" என்று மட்டும் இருக்கிறது, கம்பம் அழிப்பது திருத்தமா என்று இல்லை. கம்பம் உள்ள அசலையே போட்டிக்கு எடுத்தோம், இரண்டாம் பரிசு கிடைத்தது. அக்காவின் படம் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. "அசல் இல்லாட்டித் தள்ளுங்கோ" என்று தலைவர் சொல்கிறார். நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.