ஆள் மாறாத அலுவலகமா, ஆள் மாறும் ஹோட்டலா?

திருகோணமலையில் என் தங்கையின் மகனுக்கு ஒரே கிழமையில் இரண்டு வேலை வந்தது. ஒன்று நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன். மற்றது டவுனில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் கணக்கு வேலை. சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் எந்த மானேஜருக்குக் கீழே போவது என்பதுதான் கேள்வி.

கிளையில் 9 இடங்கள். 6 பேர் ஆறு வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள், 2 பேர் நாலரை வருடம், ஒரு இடம் காலி. ஹோட்டலிலோ 8 பேர் உள்ள பிரிவில் இரண்டு வருடத்தில் 5 பேர் போய்விட்டார்கள். வீட்டில் எல்லோரும் கிளைதான் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஹோட்டலில் போனவர்கள் எப்போது, எங்கே போனார்கள் என்று விசாரித்தான். இந்தக் கரையில் சீசன் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. மாரி தொடங்கினால் அறைகள் காலி. இருவர் சீசன் முடிந்ததும் விலகியவர்கள், அதில் ஒருவர் அடுத்த சீசனுக்கு அதே மானேஜரிடம் திரும்பி வந்திருக்கிறார். ஒருவர் கட்டாருக்கு. மற்ற இருவரும் பதவி உயர்வோடு பாசிக்குடாவுக்கு. சீசன் நடுவில், ஜூலையில் யாராவது போயிருந்தால்தான் எனக்குக் கவலை வந்திருக்கும்.

கிளையின் கதை வேறு. மானேஜர் வந்து மூன்று வருடம்தான். இருக்கிற 8 பேரும் அவருக்கு முன்பே சேர்ந்தவர்கள். பழைய ஆட்கள் ஊழியர் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று இருந்துவிடுவார்கள். நாலரை வருடக்காரர்கள் பணிக்கொடைக்காகவும் இருக்கலாம்: 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தால்தான் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கிடைக்கும். ஆகவே பார்க்க வேண்டியது, இந்த மானேஜர் தானே சேர்த்த ஆட்கள் எவ்வளவு காலம் நின்றார்கள் என்பதை. அந்தக் காலி மேசைக்கு அவர் சேர்த்த மூவரில் ஒருவர்கூட ஒரு வருடம் முடிக்கவில்லை.

இரண்டு நேர்முகத்திலும் அவன் ஒரே கேள்வியைக் கேட்டான்: “எனக்கு முதல் இந்த இடத்தில இருந்தவர் இப்ப எங்க சேர்?” ஹோட்டல்காரர் பேரைச் சொல்லி, பாசிக்குடாவில் என்ன பொறுப்பில் இருக்கிறார் என்றும் சொன்னார். கிளைக்காரர், “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை” என்றார்.

மூன்று பேர் என்பது சின்னக் கணக்கு, தற்செயலாகவும் நடக்கலாம். அதனால் விலகியவர்களில் இருவரைத் தனித்தனியே பிடித்துப் பேசினான். கிளை மானேஜர் லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் மாத முடிவு வரை மேசையிலேயே வைத்திருப்பார் என்று இருவரும் சொன்னார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் நான் நம்புவேன்.

சரி, ஹோட்டல்தான். ஆனால் மாரியில் சேவைக் கட்டணப் பங்கு விழும். அது எந்த நல்ல மானேஜராலும் தீராது. வருடம் முழுவதற்கும் நியமனம் என்று கடிதத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டான், தந்தார்கள்.