நோட்டீஸில் கியூஆர் கோடு போடுகிறீர்களா? அச்சுக்குக் கொடுக்குமுன் இதைப் பாருங்கள்

எங்கள் புளோக் பொங்கல் விழா நோட்டீஸை சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு அச்சுக்கடையில் அடிக்கக் கொடுத்தோம். நிகழ்ச்சி நிரல் பிடிஎஃப் கூகல் டிரைவில் இருந்தது. அந்த லிங்க்கை அனுப்பி, இதையே கியூஆர் கோடாகப் போடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் கேட்டோம். ப்ரூஃபை ஸ்கேன் செய்தபோது ஃபைல் சரியாகத் திறந்தது. வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் ஒட்டியாயிற்று. விழா நெருங்கும் நேரத்தில் ஒரு அக்கா போன் செய்து, "தம்பி, ஸ்கேன் பண்ணா பணம் கட்டச் சொல்லுது" என்றார்.

நடந்தது இதுதான். கடைக்காரர் எங்கள் லிங்க்கை நேராகக் கோடாக்கவில்லை. ஏதோ ஒரு தளத்தின் இலவச முன்னோட்டக் கணக்கில் 'டைனமிக்' கோடு எடுத்திருக்கிறார். அந்தக் கோட்டுக்குள் இருப்பது அந்தத் தளத்தின் குட்டி முகவரி மட்டுமே. ஸ்கேன் செய்தால் முதலில் அங்கே போய், அங்கிருந்துதான் நம் ஃபைலுக்குத் திருப்பி விடப்படும். முன்னோட்டக் காலம் முடிந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். "ஆண்டுச் சந்தா கட்டினால் திரும்ப ஓடும்" என்று கடைக்காரர் சாதாரணமாகச் சொல்கிறார். அந்தக் கணக்கோ அவர் பெயரில்! நாளை அதே கோட்டை வேறு எந்தப் பக்கத்துக்கும் அவர் திருப்பலாம். எனக்கு அதுதான் பெரிய கவலை.

ப்ரூஃபிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். போன் கேமராவைக் காட்டினால், திறப்பதற்கு முன்பே ஒரு முகவரி தெரியும். `drive.google.com` என்று தொடங்கினால் சரி. கேள்விப்படாத பெயர் வந்தால் அச்சை நிறுத்துங்கள். 'ஸ்டாட்டிக்' கோட்டில் முகவரி கட்டங்களுக்குள்ளேயே இருப்பதால் நடுவில் எந்தத் தளமும் அதை நிறுத்த முடியாது. லிங்க் நீண்டால் கட்டங்கள் பொடியாகிவிடும் என்பது உண்மைதான். கடைசியில் ஒட்டியிருக்கும் `?usp=sharing` போன்ற வாலை வெட்டிவிட்டால் கொஞ்சம் குறையும்.

அப்புறம், நிரலை மாற்ற வேண்டுமானால் பழைய ஃபைலை அழித்துப் புதிதாக ஏற்றாதீர்கள். புது ஃபைலுக்குப் புது லிங்க் வரும், அச்சடித்த கோடு செத்துவிடும். கணினியில் டிரைவைத் திறந்து, அதே பிடிஎஃப்பின் மேல் வலது கிளிக் செய்து, `File information` என்பதில் உள்ள `Manage versions` வழியாகப் புதுப் பிரதியை ஏற்றுங்கள். லிங்க் மாறாது. பகிர்வு `Restricted` என்றிருந்தால் `Anyone with the link` ஆக்குங்கள். உங்கள் போனில் எப்படியும் திறக்கும் என்பதால், உங்கள் கூகல் கணக்கு இல்லாத வேறொருவர் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

நாங்கள் ஸ்டாட்டிக் கோட்டை ஸ்டிக்கராக அடித்து ஒவ்வொரு நோட்டீஸிலும் பழையதன் மேல் ஒட்டினோம். அந்தச் செலவைக் கடைக்காரர் இன்னும் தரவில்லை. வாட்ஸ்அப்பில் நாங்கள் கேட்டதைக் காட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.