கதவு வழியே சத்தம் வளைகிறது, வெளிச்சம் ஏன் வளைவதில்லை?

பக்கத்து அறையில் ஒருவர் பேசுகிறார், நீங்கள் கதவுக்குப் பக்கவாட்டில் சுவரோரமாக நிற்கிறீர்கள். ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலிக்கும் இதில் பங்கு உண்டுதான், ஆனால் திறந்த வெளியில் வெறும் வாசல் மட்டும் நின்றாலும் குரல் வளைந்து வரும்.

பார்க்க வேண்டியது ஒன்றே: அலைநீளம் திறப்பின் அகலத்தோடு ஒப்பிட எவ்வளவு பெரியது? ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது, அதனால் 200 ஹெர்ட்ஸ் குரலின் அலைநீளம் 1.7 மீட்டர். வாசல் 90 சென்டிமீட்டர்தான், அலை அதைவிடப் பெரிசு, ஆகவே தாண்டியதும் எல்லாப் பக்கமும் விரிகிறது. 4000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 8.5 சென்டிமீட்டர், விரிவு சில பாகைதான். அதனால்தான் ஓரத்தில் நின்றால் 'ஸ்' போன்ற கூர்மையான ஒலிகள் மங்கி, பேச்சு அமுங்கிக் கேட்கிறது.

பச்சை ஒளியின் அலைநீளம் 0.00055 மில்லிமீட்டர். அதே வாசல் அதைப்போல பதினாறு லட்சம் மடங்கு அகலம்! ஒளியும் வளையத்தான் செய்கிறது, ஆனால் ஐந்து மீட்டர் தள்ளி நிழலின் விளிம்பில் ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான். வெயிலில் விளிம்பு நான்கைந்து சென்டிமீட்டர் மங்கலாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் வேறு, சூரியன் புள்ளியாக இல்லாமல் அகலமாக இருப்பது.

சரி, திறப்பைச் சுருக்கினால்? 0.1 மில்லிமீட்டர் பிளவில் சிவப்பு லேசரை விட்டால், இரண்டு மீட்டரில் நடுப்பட்டை இரண்டரை சென்டிமீட்டருக்கு விரிந்துவிடும்.