ரெஸ்யூமேவில் மொத்தத் தொகையா, வளர்ச்சியா?

வங்கி ரிலேஷன்ஷிப் மேனேஜர் தான் கையாளும் டெபாசிட்டை ரெஸ்யூமேவில் இரண்டு விதமாக எழுதலாம்.

மொத்தம்: "220 வாடிக்கையாளர்கள், 46 கோடி டெபாசிட்." எழுதச் சுலபம். ஆனால் அதில் எவ்வளவு, முன்பு அந்தப் பதவியில் இருந்தவர் விட்டுப்போனது? நேர்காணலில் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வளர்ச்சி: "38 கோடியில் பொறுப்பேற்று 18 மாதத்தில் 46 கோடி, கூடிய 8 கோடியில் 3 கோடி நடப்பு, சேமிப்புக் கணக்குகளில்." இதற்குப் பழைய மாத அறிக்கைகளைப் புரட்ட வேண்டும். மார்ச் கடைசியில் வந்து ஏப்ரலில் வெளியேறிய டெபாசிட்டையும் சேர்த்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

கடனும் அப்படித்தான்: கொடுத்த தொகையோடு தவணை தவறியது எவ்வளவு என்றும் எழுதுங்கள். கிராஸ் செல்லிங்கில் வெறும் "இலக்கில் 110%" போதாது, இலக்குத் தொகையும் வேண்டும்.

பெரிய வாடிக்கையாளர்களைப் பராமரிக்கும் பதவிக்கு மொத்தத்தை முதல் வரியில் வையுங்கள்; புதியவர்களைப் பிடிக்கும் வேலைக்கு வளர்ச்சியை.