தெர்மல் கேமராவோடு நான்கு வருடம்: திரையில் தெரியும் எண்ணை எப்போது நம்பலாம்?

என்னிடம் இருப்பது 160×120 பிக்சல், 25 டிகிரி லென்ஸ் உள்ள கேமரா. நான்கு வருடமாக மில்களின் மின் பேனல்களைச் சோதிக்க இதைத்தான் எடுத்துப் போகிறேன். ±2 டிகிரிக்குள் துல்லியம் என்று பெட்டியில் போட்டிருந்தது. அது பொய்யில்லை. ஆனால் நான் தவறாக எழுதிய அளவுகள் எல்லாம் நான் நின்ற இடத்தால் வந்தவை.

ஒரு மில்லில் எல்டி பேனலை 3 மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன். 35 ஸ்கொயர் எம்எம் கேபிளின் முனையை போல்டில் இணைக்கும் பி ஃபேஸ் லக்கை மூடியிருந்த கருப்பு ஸ்லீவ் 54 டிகிரி காட்டியது. பக்கத்து ஃபேஸ்கள் 42. "அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதப் போனேன். அப்புறம் சந்தேகம் வந்து, அனுமதி வாங்கி, பாதுகாப்பு உடையோடு 1 மீட்டருக்குப் போனேன். அதே இடம், அதே லோடு, 71 டிகிரி!

கணக்குப் போட்டால் காரணம் புரியும். இந்த லென்ஸில் ஒரு பிக்சல் 1 மீட்டரில் சுமார் 2.7 மி.மீ., 3 மீட்டரில் 8 மி.மீ. பார்க்கிறது. நம்பகமாக அளக்கக் குறைந்தது மூன்றுக்கு மூன்று பிக்சலாவது பொருளின் மேல் விழ வேண்டும். அதாவது 3 மீட்டரில் பொருள் 25 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். அந்த ஸ்லீவ் 12 மி.மீ.தான். மீதியில் பின்னால் இருந்த தகட்டின் சூடு கலந்து, சராசரிதான் திரையில் வந்தது. ஷட்டவுன் எடுத்துத் திறந்தால் போல்ட் தளர்ந்திருந்தது, ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிப் போயிருந்தது. மாற்றி முறுக்கியபின் அதே லோடில் 43.

பேனலுக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் பளபளக்கும் செப்புப் பட்டையான பஸ்பார் இன்னொரு தலைவலி. அதன் எமிசிவிட்டி, அதாவது பரப்பு தன் சூட்டைக் கதிராக வெளிவிடும் திறன், 0.1 அளவுதான். கேமராவை 0.95-இலேயே விட்டுவிட்டால், சுற்றுப்புறம் 35 டிகிரியாக இருக்கும்போது 90 டிகிரியில் கொதிக்கும் பஸ்பார்கூட 42 அளவில்தான் தெரியும். தலைகீழாகவும் நடக்கும். ஏசி அறையில் ஒரு பஸ்பாரில் சூடான திட்டு தெரிந்தது. நான் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்ததும் அதுவும் நகர்ந்தது. என் உடம்புச் சூட்டின் பிரதிபலிப்பு அது. உண்மையான சூடு இடம் மாறாது.

பிரதிபலிப்பு வெப்பநிலையைப் பிடிக்க, அலுமினிய ஃபாயிலைக் கசக்கி விரித்து, லைவ் பகுதியிலிருந்து பாதுகாப்பான தூரத்தில், பேனல் பார்க்கும் திசையிலேயே வைப்பேன். எமிசிவிட்டியை 1.00 ஆக்கி அதன் சராசரியைப் படித்து கேமராவில் போடுவேன். ஆனால் எமிசிவிட்டி 0.1 உள்ள பரப்பில் இந்தத் திருத்தமும் கைகொடுக்காது, சின்னப் பிழைகூடப் பெரிதாகிவிடும். அதனால் ஷட்டவுன் கிடைக்கும்போது பஸ்பார் இணைப்புக்கு அருகே கருப்பு பிவிசி டேப் துண்டு ஒட்டி வைத்துவிடுகிறேன். அடுத்த முறை அந்தத் துண்டை 0.95-இல் அளந்தால் போதும்.

சப்ஸ்டேஷன் யார்டுக்கு மட்டும் இந்தக் கேமராவை எடுத்துப் போவதில்லை. 6 மீட்டர் உயரத்துக் கிளாம்பில் 5 செ.மீ.க்குக் குறைவான எதையும் இது சரியாக அளக்காது. போதாக்குறைக்கு, பளபளப்பான அலுமினியம் குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்து சூட்டைக் குறைத்துக் காட்டும். அங்கே குறுகிய கோண லென்ஸ் உள்ள 320×240 கேமராவை வாடகைக்கு எடுக்கிறேன்.