பாத்திரமோ சம்பவமோ? பாதியில விட்ட புத்தகம் சொல்லும்

எனக்கு ஆக்களைப் பற்றின கதைதான் பிடிக்கும் எண்டு கனகாலம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். போன கிழமை அலுமாரி தூசு தட்டேக்க கடைசியா எடுத்த பத்துப் புத்தகத்தையும் மேசையில பரப்பி, முடிச்சது எது, விட்டது எது எண்டு பார்த்தால் கதை வேற.

கொலை, களவு, ஆள் காணாமப்போறது எண்டு சம்பவத்தில ஓடுறது அஞ்சு, அஞ்சும் முடிச்சிட்டன். பாத்திரத்தில ஓடுற அஞ்சில ரெண்டுதான் முடிஞ்சது, மிச்சம் மூண்டிலயும் அடையாளத்துக்கு வச்ச பஸ் டிக்கெட் 60, 70ஆம் பக்கத்தில அப்பிடியே கிடக்கு.

அப்ப நான் சம்பவக்காரனோ? அவசரப்படாதேங்கோ. முடிவு தெரியோணும் எண்ட அரிப்பே ஆளைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போயிடும், பிடிச்சிருக்கோணும் எண்டில்லை. அந்தச் சம்பவக் கதை அஞ்சில ரெண்டில நடுவில 40 பக்கம் பாஞ்சு கடைசி அத்தியாயத்துக்குப் போனனான், கொலைகாரன் ஆரெண்டு இப்ப கேட்டால் ஞாபகமில்லை. பாத்திரக் கதையில முடிச்ச ஒண்டில, கிழவி ஒராள் காணி விக்கமாட்டன் எண்டு நிக்கிறதைத் தவிர ஒண்டும் நடக்காது, ஆனா ஒரு வரியும் விடாமல் மூண்டு தரம் வாசிச்சாச்சு (எங்கட அம்மம்மான்ர பிடிவாதம் அப்பிடியே).

விட்ட மூண்டில ஒண்டு எழுத்துப் பொடி, கண் நோகுது, அதைக் கணக்கில எடுக்கேலாது. மற்ற ரெண்டிலயும் அந்த ஆளுக்கு என்னதான் வேணும் எண்டு 60 பக்கத்திலயும் பிடிபடேல்லை. கிழவிக்கு என்ன வேணும் எண்டு முதல் பக்கத்திலயே தெரியும்.